பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு அநாதைகள்

அன்று நான் போட்ட சத்தத்தில் கிடர்பூர் துறையில் நின்ற கப்பல்களெல்லாம் நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டன என்று என் மனைவி காமு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அபாண்டம். மூன்று கப்பல்கள்தாம் ஓடின.

கல்கத்தாவில் சர்க்கார் கணக்காபீஸில் முப்பது வருஷம் சிவப்பு மசியைச் சிந்திவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டவன் நான். வாஞ்சிநாதன் என்று பெயர் சொன்னால் ஒரு காலத்தில் டாக்கா கஜானாவில் பூட்டு தானாக நடுங்கும். இப்போது பவானிப்பூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கேட்பார் யாராவது அகப்பட்டால் கடுகை மலையாக்கிக் கொடுப்பது தொழில். வாயால் சொல்லுகிற கதைக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். அச்சில் ஏறுவது வேறு ஜாதி. அதற்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமென்றால் நான் சங்கராந்தி மாட்டைவிட முரடன்.

தக்ஷிணவாசி சகாய சபையின் கௌரவ ஆடிட்டர் என்ற பட்டமும் எனக்கு இருந்தது. சபை கிடர்பூரில் ஓர் இல்லம் நடத்தியது. ரங்கூனுக்குப் பிழைக்கப் போகிற வழியில் ஜுரத்தில் விழுந்தவர்கள், காசிக்கு வந்து திரும்பக் காசில்லாமல் நின்றவர்கள், வேலை தேடி வந்த பிள்ளைகள், துறைமுகத்தில் அடிபட்டவர்கள் என்று நம் பக்கத்து மனிதர்களுக்கு அங்கே படுக்கையும் சோறும் மருந்தும் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதமும் எழுதித் தருவார்கள். நல்ல காரியம். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

வருஷத்துக்கு ஒரு அறிக்கை அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவது வழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷத்து அறிக்கையில்தான் முதல் முதலாகப் படம் போட்டார்கள். வழவழப்பான சீமைக் காகிதத்தில் தனித் தாளாகப் படம்; படத்துக்கு அடியில் வருஷத்து வேலை முழுவதையும் தமிழிலும் இங்கிலீஷிலும் நாலு வரியில் சொல்லும் விளக்கம். அறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள், படத்தையும் அதன் அடி வரியையும்தான் பார்ப்பார்கள் என்று காரியதரிசி ராகவேந்திரன் சொன்னான். அதில் அவன் சொன்னது முழு உண்மை.

ராகவேந்திரன் என் பழைய ஆபீஸ்காரன். எனக்குக் கீழே வேலை கற்றவன். ஓரணா வித்தியாசத்துக்காக ஒரு ஜில்லா கலெக்டரின் பயணப் படிப் பட்டியலை ஏழு தடவை திருப்பி அனுப்பினவன். ஏழு என்று நான் சொன்னால் நீங்கள் மூன்று என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றே போதும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுடைய சேவகன் படத்தாள் ஒன்றையும், அறிக்கையின் புரூபையும், நான் கையெழுத்துப் போட வேண்டிய சான்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அனந்தலக்ஷ்மி படத்தை எடுத்துப் பார்த்தாள்.

அனந்தலக்ஷ்மி யார் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் புருஷன் மகாதேவனோடு ரங்கூன் போகக் கிளம்பி வந்தவள். இங்கே கப்பல் மாற இறங்கின அன்றே அவனுக்குக் கடும் ஜுரம். இரண்டு பேரும் துறையிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு நேரே சபையின் இல்லத்துக்குப் போனார்கள். கையில் விலாசம் இருந்தது. ஒரு வாரத்துக்குள் அவன் போய்விட்டான். அவள் கொஞ்ச நாள் இல்லத்தில் இருந்தாள். பிறகு காமு போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை படிக்க மனுப் போட்டிருந்தாள். அடுத்த மாதம் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கௌரவமான குடும்பம், நிலையான இருப்பிடம், நம்பத்தக்க நற்சான்று மூன்றும் வேண்டும். நற்சான்று கொடுத்திருந்தது சபை. அந்த ஆஸ்பத்திரியின் தலைமைத் துரைசானியோ சபையின் சந்தாதாரர்; அறிக்கை அச்சான மறுநாள் அவள் மேஜைமேல் ஒரு பிரதி இருக்கும்.

"மாமா" என்றாள் அனந்தலக்ஷ்மி. "இதுல நான் இருக்கேன்."

"இருக்கிறாயே, கீழே உட்கார்ந்துண்டு. மூக்கு நன்னா விழுந்திருக்கு."

"மூக்கு கிடக்கட்டும். அடியில போட்டிருக்கறதைப் படிச்சேளா?"

வாங்கிப் படித்தேன். படத்தில் ஐந்து கனவான்கள் நாற்காலியில், நடுவே மாலையோடு தலைவர் பட்டாபிராமன். கீழே ஜமக்காளத்தில் ஆறு பேர். அடியில் நாற்காலிக்காரர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக, பட்டங்களோடு. அதற்கடியில்:

'இவ்வாண்டில் எமது சபை தெருவிலிருந்து தூக்கி ரக்ஷித்த 12,418 திக்கற்ற அநாதைகளில் சிலர், தம்மை வாழ்வித்த கனவான்களின் திருவடியில்.'

"என்னை எந்தத் தெருவிலேருந்து தூக்கினா மாமா?" என்றாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வண்டிக் கூலி கொடுத்துண்டு வந்தோம். எனக்கு அப்பா இருக்கார், அண்ணா இருக்கான், ஊர்ல வீடு இருக்கு. நான் எப்போ அநாதை ஆனேன்? துரைசானி இதைப் பார்த்தா என்னை வாசல்ல நிக்க வெப்பாளா? தெருவிலேருந்து பொறுக்கினதை வார்டுக்குள்ள விடுவாளா?"

கப்பல்கள் ஓடினது அப்போதுதான்.

"பன்னிரண்டாயிரமா!" என்று கத்தினேன். "அந்த வீட்டில் மொத்தம் இருபது படுக்கைதான் இருக்கிறது! பன்னிரண்டாயிரம் பேர் வந்திருந்தால் கிடர்பூரே ஹூக்ளியில் சரிந்திருக்குமே! இந்தத் தலைநகரத்தில் உள்ள தென்தேசத்துக்காரர்கள் எல்லோரையும் குழந்தை குட்டியோடு பிடித்துக்கொண்டு போய்ப் படுக்கப் போட்டாலும் அத்தனை தலை சேராதே!"

காமு உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க நேத்திக்கு பால்காரன்கிட்ட காலிகாட்டுல லக்ஷம் பேர் நின்னான்னு சொன்னேள்."

"நான் சொல்லலாமடி! நான் காற்றில் சொன்னேன்! இந்த ராகவேந்திரன் அவளுடைய முகத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறான்!"

புரூபைப் புரட்டினேன். உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறித் தலைப்பாகையை நாலு அங்குலம் உயர்த்தியது. கணக்காபீஸ்காரன் தவிர உலகத்தில் வேறு எவனும் அப்படி எழுதியிருக்க முடியாது. காகிதம், பேனா, கோந்து இருப்புக்குப் போடுகிற மாதிரியே மனிதர்களுக்குப் போட்டிருந்தான்:

'முன்னிருப்பு 11. வரவு 203. ஆக 214. தீர்ந்தது 200. கையிருப்பு 14.'

அனந்தலக்ஷ்மி என் தோளுக்குப் பின்னால் நின்று அதையும் படித்துவிட்டாள்.

"தீர்ந்ததுன்னா?"

நான் புரூபை மடித்து வைக்கப் பார்த்தேன்.

"அவர் அந்த இருநூறுலயா இருக்கார்?"

காமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முப்பது வருஷம் அதே வார்த்தையைக் கோந்துக்கும் குண்டூசிக்கும் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது அவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிடர்பூர் இல்லத்தில் நிர்வாகக் கமிட்டி. நான் டிராமில் போனேன். அனந்தலக்ஷ்மியும் காமுவும் கூட வந்தார்கள். பெண்டுகள் கமிட்டிக்கு வருவது வழக்கமில்லை. ஆனால் படத்தில் உட்காரச் சொல்லும்போது யாரும் வழக்கத்தைப் பார்க்கவில்லையே.

பட்டாபிராமன் ஏற்கெனவே வந்து நடு நாற்காலியில் இருந்தார். அவர் பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். வயிறு அதைவிடப் பெரியது. அவர் அறைக்குள் வந்துவிட்டால் காற்று வெளியே போய்க் காத்திருக்கும்.

"என்ன ஓய், பரிவாரத்தோட?" என்றார்.

"கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். சான்றுத் தாளை மேஜைமேல் வைத்தேன்.

ராகவேந்திரன் பதறினான். "அண்ணா, கணக்கில ஒரு பைசா தப்பில்லையே!"

"பைசாவைச் சொல்லவில்லை. தலையைச் சொல்லுகிறேன். இந்தப் பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு எங்கிருந்து வந்தது?"

அவன் முகம் பிரகாசமாயிற்று. கூட்டலைக் கேட்டால் அவனுக்குச் சங்கீதம் கேட்ட மாதிரி. "எல்லாம் புஸ்தகத்தில இருக்கு அண்ணா. தங்கினவா 214. சாப்பாடு 9,376. மருந்து கொடுத்தது 1,940 தடவை. கடுதாசி எழுதினது 888. கூட்டிப் பாருங்கோ."

கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதுதான் கொடுமை.

"படுக்கையையும் சோற்றையும் கஷாயத்தையும் கடுதாசியையும் கூட்டி, வந்த தொகைக்கு அநாதைகள் என்று பேர் வைத்தாயா?"

"உபகாரம் அண்ணா, உபகாரம். ஒவ்வொண்ணும் ஒரு உபகாரம்தானே?"

"அடியில் உபகாரம் என்றா போட்டிருக்கிறாய்? திக்கற்ற அநாதைகள் என்று போட்டிருக்கிறாய்!"

பட்டாபிராமன் கையை உயர்த்தினார். "ஓய், வடக்கே இன்னொரு சபை பத்தாயிரம்னு போட்டிருக்கான். நாம இருநூத்திப் பதினாலுன்னு போட்டா எவன் சந்தா கொடுப்பான்? பெரிய மனுஷாளுக்குப் பெரிய எண் வேணும். நல்ல காரியத்துக்காகச் சொல்றது. உமக்கு என்ன, நீர் வாயைத் திறந்தா ஆயிரத்துக்குக் கீழே வராதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், நல்ல அடி அது. அப்போது அனந்தலக்ஷ்மி வாசற்படியிலிருந்து கேட்டாள்:

"இந்தத் தொகையில நான் எத்தனை பேர்?"

சிரிப்பு நின்றது.

"என்னம்மா கேக்கறே?" என்றார் பட்டாபிராமன்.

"நான் இங்கே தங்கினேன், சாப்பிட்டேன், மருந்து வாங்கிண்டேன், ஊருக்குக் கடுதாசி போட்டேன். அப்போ நான் ஒருத்தியா, பல பேரா? அதைச் சொல்லுங்கோ. என் முகத்தைப் போட்டிருக்கேளே, கேக்கப்படாதா?"

ராகவேந்திரன் ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு அவனுக்குள் இருந்த கணக்கன் எழுந்துவிட்டான். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. அலமாரியிலிருந்து புஸ்தகத்தை எடுத்தான், விரலை எச்சில் தொட்டுப் புரட்டினான். "தங்கினது ஒண்ணு... சாப்பாடு தொண்ணூத்தாறு... மருந்து ஆறு... கடுதாசி ஒன்பது..." முணுமுணுத்துக்கொண்டே போனவன் நடுவில் நின்றான். காது சிவந்துவிட்டது.

"சொல்லேண்டா" என்றேன்.

"நூத்திப் பன்னிரண்டு" என்றான் மெதுவாக.

"பார்த்தேளா!" என்றேன் கமிட்டியைப் பார்த்து. "வாசற்படியில் ஒரு பட்டாளமே நிற்கிறது! நூற்றுப் பன்னிரண்டு அனந்தலக்ஷ்மிகள்! நகர்ந்து இடம் விடுங்கோ!"

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அவர்?"

ராகவேந்திரன் புஸ்தகத்தைப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பவில்லை. விரல் அங்கேயே இருந்தது.

"கஞ்சி எட்டு, மருந்து பதினொண்ணு, படுக்கை ஒண்ணு" என்றான். "இருபது."

"இருபது பேரை ரக்ஷிச்சேள்" என்றாள் அவள். "ஒருத்தர் கூடப் பிழைக்கலை. அப்புறம் அந்த இன்னொரு பட்டியல்ல தீர்ந்ததுன்னு போட்டுட்டேள். கஷாயம் தீந்துபோற மாதிரி." குரல் இப்போதுதான் உடைந்தது. "இந்த வீட்டுல எனக்கு ஒரு குறையும் வெக்கலை. ராத்திரி பூரா அவருக்கு விசிறினா. நான் அதை மறக்கலை. மறக்காதவளை ஏன் திருவடியில போட்டேள்?"

வராந்தாவில் ஊன்றுகோலோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். படத்தில் ஜமக்காளத்தில் வலது ஓரத்தில் இருப்பவன். நடராஜன் என்று பேர், தூத்துக்குடிப் பக்கம். துறைமுகத்தில் மூட்டை சரிந்து காலை முறித்துவிட்டது.

"ஐயா" என்றான் அங்கிருந்தே. "படம் பிடிக்கையில கோட்டுக்காரரு கால் நீட்டுறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு என்னைய மடக்கி உக்காரச் சொன்னாக. மடங்காத காலை மடக்கி உக்காந்தேன். இந்த வீட்டுச் செவுத்துல மாட்டுற படம்னு சொன்னாக. ஊரெல்லாம் அனுப்புற புஸ்தகத்துக்குன்னு யாரும் சொல்லலீங்க. எங்க ஆத்தாளுக்கு என் காலு போனது தெரியாது."

பட்டாபிராமன் நாற்காலியில் அசைந்தார். நாற்காலி அழுதது. "ரொம்பப் பேசறேள் எல்லாரும். ஐந்நூறு தாள் அச்சாயாச்சு. இனிமே என்ன பண்றது? ஒரு சின்ன சீட்டு அடிச்சு மேல ஒட்டிடலாம். ஓய், நீர் கையெழுத்துப் போடலேன்னா வேற ஆடிட்டர் கிடைப்பான்."

"தாராளமாகத் தேடுங்கோள்" என்றேன். "கல்கத்தா முழுக்க இதைச் சொல்லுவேன். நான் சொன்னால் பன்னிரண்டாயிரம் பன்னிரண்டு லக்ஷமாகும் என்பது உமக்கே தெரியும்."

"சீட்டு ஒட்டினா உரிஞ்சுடும்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "அடியில என்ன இருக்குன்னு பார்க்கறதுக்காகவே உரிப்பா. என் முகத்தைச் சுரண்டி எடுத்துடுங்கோ. வெள்ளையா ஒரு ஓட்டை இருக்கட்டும்."

"ஆடிட்டரை மாத்தலாம்" என்று ராகவேந்திரன் சொன்னான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஆனா நான் இருக்கேனே. தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தான். என் கண்ணுக்கெதிரே, தன் கையால் எழுதின தொகைமேல், மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டான். ஓரத்தில் ஆபீஸ் பாஷையிலேயே எழுதினான்: 'ஒரே இனம் பல தடவை சேர்க்கப்பட்டிருக்கிறது. அனுமதிக்க இயலாது. விளக்கம் கோரப்படுகிறது.' அதற்குக் கீழே: 'விளக்கம் இல்லை.' இரண்டுக்கும் அவனே கையெழுத்து. ஒரு கலெக்டருக்குக்கூட அவன் அவ்வளவு கடுமையாக எழுதினதில்லை.

தலைவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேருக்குக் கீழேதானே இந்தத் தொகை இருக்கு" என்றார். "எவனாவது புஸ்தகத்தைக் கேட்டா?"

"கேட்பார்கள்" என்றேன். "நானே கேட்கச் சொல்லுவேன்."

"உம்மை யார் கமிட்டியில சேர்த்தது?"

"நீர்தான்."

அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னமோ பண்ணுங்கோ. படத்தில என் மாலை மட்டும் தெரியணும்."

திங்கட்கிழமை காலையில் நானும் ராகவேந்திரனும் பௌபஜார் சந்தில் அச்சாபீஸுக்குப் போனோம். அங்கே மேஸ்திரி ஹரிசரண் பாபு. தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாமலே தமிழ்த் தாளை அச்சடிப்பவர். எழுத்துக் கோக்க மட்டும் மதராஸிலிருந்து ஓர் ஆளை வைத்திருந்தார். விஷயத்தை வங்காளியில் சொன்னேன். ஐந்நூறு தாளையும் கொளுத்திவிடலாம் என்றேன்.

"கொளுத்துவதா! என்ன மஷாய் நீங்கள்!" என்று அவர் சீமைக் காகிதக் கட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வெள்ளை இருந்தது. வெட்டும் யந்திரத்தைக் காட்டினார். கட்டோடு வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் அடி வரிகள் எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும், படம் நிற்கும். நல்ல புஸ்தகங்களில் படத்தின் மசி எதிர்ப் பக்கத்தில் ஒட்டாமலிருக்க மேலே ஒரு மெல்லிய தாள் வைப்பார்களே, அதை வைத்து, விளக்கத்தை அந்த மெல்லிய தாளிலேயே அச்சடித்துவிடலாம் என்றார். படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எழுத்தைத் தாண்ட வேண்டும்.

அவரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய வெற்றிலைச் சாறு என் கோட்டில் விழுந்தது. அந்தக் கறையை நான் இன்னும் போக்கவில்லை; அதைக் காட்டி, முதலை கடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெட்டினார். 'திருவடியில்' எல்லாம் ஐந்நூறு கீற்றாகத் தரையில் விழுந்தது.

எழுதுவது வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு மாடியில் புஸ்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். மருந்து 1,940 தடவை என்றால் எத்தனை பேர் என்று பேர் பேராகத் தேடினான் ராகவேந்திரன்: 612. அதில் எத்தனை பேர் இல்லத்தில் தங்கினவர்கள் என்று மறுபடி ஒத்துப் பார்த்தான்: 97. கடிதம் எத்தனை பேருக்கு என்று தேடினான். எழுதினவன் எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தான், பேரை வைக்கவில்லை.

"உத்தேசமா முந்நூறு பேர்னு போடலாமா அண்ணா?"

"தெரியாததைத் தெரியாது என்று போடேன்."

"அச்சிலயா? சந்தாதாரர் சிரிப்பாளே!"

"போடுங்கோ" என்றாள் அனந்தலக்ஷ்மி. "தீர்ந்ததுன்னு போட்டேளே, அந்த இருநூறு பேரும் எங்கே போனான்னும் போடுங்கோ. செத்தவாளையும் சேர்த்து."

"செத்தவாளை அறிக்கையில போடறது..." என்று இழுத்தான்.

"ஒன்பது பேர்" என்றாள் புஸ்தகத்தைக் காட்டி. "அவாளை விட்டுட்டு உங்க கணக்கு எப்படி நேராகும்?"

அவன் குனிந்து எழுதினான். பெயர்கள் விஷயமாகவும் அவளே சொன்னாள்: நாற்காலிக்காரர்களுக்குப் பெயர் உண்டென்றால் ஜமக்காளத்துக்கும் உண்டு, ஆனால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். நானே போய்க் கேட்டேன். ஐந்து பேர் சரி என்றார்கள். நடராஜன் வேண்டாம் என்றான். அவன் இருந்த இடத்தில் 'ஒரு நண்பர்' என்று போட்டோம். அவன் முகத்தின் மேல் மட்டும் ஹரிசரண் பாபு தாள் தாளாகப் பஞ்சால் வெள்ளை மையை ஒற்றி மறைத்துக் கொடுத்தார். ஐந்நூறு தடவை. கைவலிக்கு ஒரு மாசம் வைத்தியம் பார்த்ததாகக் கேள்வி. நான் கிளப்பின கேள்விதான்.

மெல்லிய தாளில் ஏறினது இது:

'கிடர்பூர் இல்லத்தில் சென்ற ஆண்டு 214 பேர் தங்கினார்கள். இவர்களில் 11 பேர் முன்னாண்டிலிருந்தே இருந்தவர்கள். 9,376 வேளைச் சாப்பாடு பரிமாறப்பட்டது. 612 பேர் மருந்து பெற்றார்கள். அவர்களில் 97 பேர் இல்லத்தில் தங்கியவர்களே. 888 கடிதங்கள் எழுதித் தரப்பட்டன. எத்தனை பேருக்கு என்பதை நாங்கள் குறித்துவைக்கவில்லை. தங்கியவர்களில் 118 பேர் வேலைக்கோ மேற்பயணத்துக்கோ சென்றார்கள். 66 பேர் ஊர் திரும்பினார்கள். 9 பேர் இங்கே காலமானார்கள். 7 பேர் எங்கே சென்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. 14 பேர் ஆண்டு முடிவில் எங்களோடு இருந்தார்கள். படத்தில் இருப்பவர்கள், தங்கள் சம்மதத்தின்பேரில்:'

பிறகு பெயர்கள். அனந்தலக்ஷ்மி, பட்டாபிராமனுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில். இங்கிலீஷிலும் அப்படியே அச்சிட்டோம். என் சான்றில் நான் கையெழுத்துப் போட்டேன். பேனா முள் உடைகிற மாதிரி அழுத்திப் போட்டேன்.

சந்தாதாரர் சிரித்தார்களா? ஒருவர் சிரித்தார். இருநூற்றுப் பதினாலு பேருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சந்தாவை நிறுத்திக்கொண்டார். பட்டாபிராமன் அதை என்னிடம் அன்றாடம் சொல்லிக் காட்டுவார். அவர் சொல்ல வேண்டியதுதான்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அனந்தலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். காமுவும் நானும் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். நான் கடித்த நகத்தைக் கூட்டினால் ஒரு கூடை தேறும். கதவு திறந்திருந்தது. துரைசானி ஒல்லியாக, கொக்கு மாதிரி இருந்தாள். மேஜையில் அறிக்கை இருந்தது. மெல்லிய தாளைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் போட்டு எழுத்தைப் பார்த்தாள். இங்கிலீஷில் கேட்டாள், அனந்தலக்ஷ்மிக்கு அப்போது வந்த இங்கிலீஷ் கொஞ்சம், அதனால் மெதுவாகக் கேட்டாள்.

"இது நீயா?"

"ஆமாம்."

"இந்த ஒன்பது பேரில்...?"

"என் புருஷர் ஒருவர்."

துரைசானியின் விரல் வரிமேல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை; எட்டிப் பார்த்ததில் பெஞ்சி சாய்ந்து காமு என்னைக் கிள்ளினாள்.

"இந்த ஊரில் வருஷத்துக்கு முப்பது அறிக்கை என் மேஜைக்கு வருகிறது" என்றாள் துரைசானி. "எதிலும் யாரும் சாவதில்லை. யாரும் காணாமல் போவதும் இல்லை. ஏழு பேர் எங்கே போனார்கள் என்று தெரியாது என்று எழுதுகிறவர்கள், உன்னைப் பற்றி எழுதியிருக்கும் நற்சான்றை நான் நம்புகிறேன்."

ஜூன் மாதத்திலிருந்து வரச் சொன்னாள்.

திரும்பும்போது டிராமில் அனந்தலக்ஷ்மி என் பக்கம் திரும்பி, "மாமா, ராகவேந்திரன் மாமாகிட்ட சொல்லுங்கோ" என்றாள். "வர வருஷம் அந்த ஏழு பேரைத் தேடச் சொல்லுங்கோ. அச்சுல போட்டாச்சு, இனிமே அது அவா கடமை."

சொன்னேன். அவன் தேட ஆரம்பித்தான். அடுத்த அறிக்கைக்குள் மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவன் ரங்கூனில், ஒருவன் சிதம்பரத்தில். மூன்றாமவனை வங்காள விரிகுடாவில் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து எடுத்தோம் என்று நான் சொல்லுவேன். அறிக்கையில் மட்டும், ஹௌராவில் சமையல் வேலை பார்க்கிறார் என்று போட்டிருக்கிறது. நீங்கள் அறிக்கையை நம்புங்கள்.